மின்னோட்டவியல் பாடத்தை எட்டுப் பக்கத்துக்குள் அடக்குவது எப்படி?

*“சார், குடியாத்தம் பக்கத்தில் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது படிக்கிறேன். இயற்பியலில் மின்னோட்டவியல் பாடம் ரொம்ப நீளம். சுருக்கி எழுதினால் முக்கியமானது விட்டுப்போகிறது. விடாமல் எழுதினால் பாதிப் புத்தகம் ஆகிவிடுகிறது. பரீட்சைக்கு வேண்டிய வரையறை, சூத்திரம் எதையும் விடாமல் எப்படி சார் சுருக்குவது?”*

தம்பி, முதல் பக்கத்திலிருந்து சுருக்க ஆரம்பித்தால் இப்படித்தான் ஆகும். ஒரு பத்தியைப் படிக்கும்போது அதில் இருக்கும் எல்லாமே முக்கியமாகத்தான் தெரியும். அதனால் பின்னாலிருந்து வா. பாடத்தின் கடைசியில் பலவுள் தெரிவு, குறு வினா, நெடு வினா, கணக்கு என்று கேள்விகள் இருக்கின்றன அல்லவா, அவற்றை முதலில் ஒரு முறை முழுதாகப் படி. விடை எழுத வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் விடை பாடத்தில் எங்கே இருக்கிறது என்று தேடி, அந்த இடத்தின் ஓரத்தில் பென்சிலால் ஓர் எழுத்துப் போடு. வரையறை கேட்டால் ‘வ’, சூத்திரம் போட்டுக் கணக்குச் செய்ய வேண்டும் என்றால் ‘சூ’, டெரிவேஷன் என்றால் ‘டெ’. பிறகு கையில் கிடைக்கும் பழைய பொதுத்தேர்வு, அரையாண்டு, திருப்புதல் தேர்வுக் கேள்வித்தாள்களை வைத்துக்கொண்டு இதையே செய். ஒரே பத்தியின் ஓரத்தில் மூன்று நான்கு எழுத்து சேர்ந்துவிட்டால் அது சுருக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். ஓர் எழுத்தும் விழாத பத்தியை ஒரு தடவை கண்ணால் ஓட்டிவிட்டு விட்டுவிடலாம். ஆனால் அதில் இருக்கும் படத்தையும் அட்டவணையையும் பெட்டிச் செய்தியையும் பார்த்துவிடு. புக் பேக்கில் இல்லாத ஒரு மார்க் கேள்விகள் அங்கிருந்தும் வரும்.

எழுத்துகளைத் தனித்தனியாகப் போடச் சொன்னதற்குக் காரணம் உண்டு. உன் தியரி தாள் 70 மதிப்பெண். ஒரு மார்க் 15. இரண்டு மார்க்கில் 9 கேட்டு 6 எழுத வேண்டும், மூன்று மார்க்கிலும் அப்படியே. இரண்டு பகுதியிலும் ஒவ்வொரு கேள்வி கட்டாயம், பெரும்பாலும் அது கணக்காக இருக்கும். ஐந்து மார்க்கில் ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ‘அல்லது’ உண்டு. வரையறை பெரும்பாலும் இரண்டு மார்க்கில் வந்து விழும். சூத்திரம் ஒரு மார்க்கிலும் கட்டாயக் கணக்கிலும் வரும். டெரிவேஷன் மூன்றிலும் ஐந்திலும் வரும். இந்த மூன்றையும் ஒரே மாதிரி சுருக்கினால்தான் முக்கியமானது விட்டுப்போகும். ஒவ்வொன்றையும் வெட்டும் இடம் வேறு.

வரையறையில் ஆரம்பிப்போம். பலர் வரையறையைச் சொந்த வார்த்தையில் சுருக்கி எழுதுகிறார்கள், அங்கேயே மார்க் போய்விடுகிறது. இன்னும் சிலர் புத்தகத்தில் உள்ளதை அப்படியே காப்பி செய்கிறார்கள், அதற்குச் சுருக்கம் எதற்கு? வரையறையில் சில சொற்களை எடுத்தால் பொருளே மாறிவிடும். மற்ற சொற்கள் வாக்கியத்தை இணைக்க மட்டும் இருப்பவை. முதல் வகையைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு சொல்லாக விரலால் மறைத்துப் பார். மறைத்த பிறகும் சரியாக இருந்தால் அந்தச் சொல் போகலாம். தப்பாகிவிட்டால் அது இருக்க வேண்டிய சொல்.

வெப்பநிலை மின்தடை எண்ணை எடுத்துக்கொள். வெப்பநிலை ஒரு டிகிரி உயரும்போது ஏற்படும் மின்தடை எண் அதிகரிப்புக்கும், தொடக்க வெப்பநிலையில் இருந்த மின்தடை எண்ணுக்கும் உள்ள விகிதம். இதில் ‘விகிதம்’ என்பதை மறைத்துப் பார். “ஒரு டிகிரிக்கு மின்தடை எண் எவ்வளவு கூடுகிறது” என்று மட்டும் நிற்கும். அது வேறு அளவு, அலகும் வேறு. ‘ஒரு டிகிரி’யை மறைத்தாலும் தப்பு. ‘தொடக்க’ என்பதை மறைத்தால் எந்த மின்தடை எண்ணால் வகுப்பது என்று தெரியாது. ஆக, இருக்க வேண்டியவை மூன்றுதான்: ஒரு டிகிரி உயர்வு, அதிகரிப்பு ÷ தொடக்க அளவு, விகிதம். உன் தாளில் இவ்வளவு எழுதினால் போதும், பக்கத்தில் அலகு: டிகிரி செல்சியசுக்கு ஒன்று என்ற கணக்கில், °C⁻¹. பரீட்சையில் முழு வாக்கியமாக எழுத இந்த மூன்று சொல்லே உனக்கு வழிகாட்டிவிடும்.

கிர்க்காஃப் விதியிலும் அப்படித்தான். முதல் விதியில் ‘சந்தி’யும் ‘குறியியல் கூட்டுத்தொகை’யும் ‘சுழி’யும் இருந்தே ஆக வேண்டும். ‘குறியியல்’ போய்விட்டால், எல்லா மின்னோட்டத்தையும் கூட்டினால் சுழி என்று ஆகிவிடும், அது நடக்காத காரியம். அதோடு ஒவ்வொரு விதிக்கும் எது மாறாமல் இருக்கிறது என்று ஒரு சொல் சேர்: முதல் விதி மின்னூட்டம், இரண்டாம் விதி ஆற்றல். இந்த ஒரு சொல்லையே தனிக் கேள்வியாகக் கேட்பார்கள்.

சூத்திரத்துக்கு வருவோம். இங்கேதான் நான் கொஞ்சம் பிடிவாதம் பிடிப்பேன். வெறும் சூத்திரப் பட்டியல் ஜெராக்ஸ் கடையிலேயே கிடைக்கிறது. அதைப் பாடம் பண்ணியவர்கள் கணக்கில் மாட்டிக்கொள்வதையும் பார்க்கிறோம். ஏனென்றால் எந்தச் சூத்திரமும் எல்லா இடத்திலும் செல்லாது. எப்போது செல்லும் என்ற நிபந்தனை பாடத்தில் இரண்டு பத்தி தள்ளி ஒரு வரியில் இருக்கும். சுருக்கும்போது முதலில் காணாமல் போவது அந்த வரிதான். அதனால் ஒவ்வொரு சூத்திரத்துக்கும் பக்கத்தில் மூன்று விஷயம் எழுது: ஒவ்வொரு குறியீடும் எது, விடையின் அலகு என்ன, எப்போது பயன்படுத்தலாம்.

அக மின்தடைப் பகுதியைச் சுருக்கிக் காட்டுகிறேன். புத்தகத்தில் இதற்குச் சுற்றுப்படம், இரண்டு நிலைகள் (சாவி திறந்திருக்கும்போது, மூடியிருக்கும்போது), டெரிவேஷன், எடுத்துக்காட்டுக் கணக்கு என்று நிறைய இடம் போகும். உன் தாளில் இவ்வளவுதான் வர வேண்டும்:

சாவி திறப்பு: மின்னோட்டம் இல்லை, வோல்ட்மீட்டர் காட்டுவது ξ
சாவி மூடல்: V = ξ − Ir, I = V/R
r = [(ξ − V)/V] R, அலகு ஓம்
ξ மின்னியக்கு விசை, V முனை மின்னழுத்தம், R வெளி மின்தடை
நிபந்தனை: மின்கலம் மின்னோட்டம் தரும்போது. சார்ஜ் ஏறும்போது V = ξ + Ir

கடைசி வரிதான் எல்லோரும் விடுவது. மின்கலம் மின்னோட்டம் தரும்போது V எப்போதும் ξ-ஐ விடக் குறைவு. சார்ஜ் ஏற்றும்போது மின்னோட்டம் எதிர்த்திசையில் போகிறது, அதனால் V அதிகம். இந்த ஒரு வரி இருந்தால் இதைப்பற்றி ஒரு மார்க்கில் எப்படித் திருப்பிக் கேட்டாலும் பதில் சொல்லிவிடலாம்.

எழுதியதும் சின்னக் கணக்கு ஒன்று போட்டுச் சரிபார். மின்கலத்தின் ξ 1.5 வோல்ட். 4 ஓம் மின்தடையை இணைத்தால் V 1.2 வோல்ட் என்று வை. ξ − V என்பது 0.3, அதை 1.2-ஆல் வகுத்தால் கால், கால் பெருக்கல் 4, ஆக r = 1 ஓம். திருப்பிப் பார்: மொத்த மின்தடை 5 ஓம், மின்னோட்டம் 0.3 ஆம்பியர், 0.3 × 4 = 1.2 வோல்ட். சரியாக வந்துவிட்டது. இந்தக் கணக்கையும் தாளின் ஓரத்தில் சின்ன எழுத்தில் வைத்துக்கொள். சூத்திரத்தில் எதை எதால் வகுப்பது என்று குழம்பினால் இந்த எண்களைப் போட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

இந்தச் சூத்திரத்தைச் சரியாகச் சுருக்கிவிட்டால் பின்னால் மின்னழுத்தமானியில் உனக்கு ஒரு பக்கம் மிச்சம். அங்கே அக மின்தடைக்கு r = R(l₁ − l₂)/l₂ என்று வரும். உற்றுப் பார், இது அதே சூத்திரம்தான். மின்னழுத்தமானியில் நீளம் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால் ξ இருந்த இடத்தில் l₁ வந்திருக்கிறது, V இருந்த இடத்தில் l₂. அதனால் புதிதாக எழுதாதே. பழைய வரிக்குக் கீழே “மின்னழுத்தமானி: ξ → l₁, V → l₂” என்று மட்டும் போடு. நீளம் ஏன் நேர்விகிதம் என்றால், கம்பியின் தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறது, அதில் ஒரே சீரான மின்னோட்டம் போகிறது. அந்த நிபந்தனையையும் சேர்.

நிபந்தனை விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு R = ρl/A-ஐ விடப் பொருத்தமான உதாரணம் இந்தப் பாடத்தில் இல்லை. கம்பியை இழுத்து நீளத்தை இரண்டு மடங்காக்கினால் மின்தடை எத்தனை மடங்கு என்று கேட்பார்கள். l மட்டும் மாறுகிறது என்று நினைத்து இரண்டு மடங்கு என்று குறிப்பவர்கள் நிறைய. இழுக்கும்போது கம்பியில் இருக்கும் உலோகம் அதேதான். பருமன் மாறாது, அதனால் பரப்பு பாதியாகிவிடும். மேலே இரண்டு, கீழே பாதி, ஆக நான்கு மடங்கு. உன் தாளில் “இழுத்தால் பருமன் மாறாது, R நீளத்தின் இருபடிக்கு நேர்விகிதம்” என்று எழுது. அதே கம்பியைப் பாதியாக வெட்டினால் பரப்பு மாறாது, R பாதிதான். இழுப்பதும் வெட்டுவதும் வேறு என்று காட்ட இரண்டு சொல் போதும். ρ-வின் அலகு ஓம் மீட்டர், ‘ஓம் பெர் மீட்டர்’ அல்ல; இதையும் ஒரு வட்டம் போட்டு வை.

திறனுக்கு VI, I²R, V²/R என்று மூன்று வடிவம் இருக்கிறது. மூன்றும் ஒன்றுதானே என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் எதைப் பயன்படுத்துவது என்று பரீட்சை அறையில் யோசிக்க வேண்டி வரும். தொடரிணைப்பு என்றால் எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம், I²R எடு. பக்க இணைப்பு என்றால் ஒரே மின்னழுத்தம், V²/R எடு. உங்கள் ஊர் சிரசுத் திருவிழாவுக்குக் கட்டும் பழைய காலத்து சீரியல் செட் நினைவிருக்கிறதா, ஒரு பல்பு போனால் அந்த வரிசையே அணையும். அது தொடரிணைப்பு. 60 வாட் பல்பையும் 100 வாட் பல்பையும் அப்படித் தொடராகக் கட்டினால் எது பிரகாசமாக எரியும்? ஒரே மின்னழுத்தத்துக்குச் செய்த பல்புகளில் வாட் குறைந்ததற்குத்தான் மின்தடை அதிகம். தொடரில் மின்னோட்டம் ஒன்றே, அதனால் I²R அதிகமாக இருப்பது 60 வாட் பல்பு, அதுதான் பிரகாசம். வீட்டில் கட்டியிருப்பது பக்க இணைப்பு, அங்கே 100 வாட் பல்புதான் பிரகாசம். எந்த வடிவம் எங்கே என்ற அந்தக் குறிப்பு தாளில் இருந்தால் இந்தக் கேள்விக்கு அரை நிமிஷம்.

வெப்பநிலைச் சூத்திரம் R_T = R₀[1 + α(T − T₀)]. நிபந்தனை: உலோகத்துக்கு α நேர்க்குறி, குறைக்கடத்திக்கு எதிர்க்குறி. தாமிரத்தின் α சுமார் 0.0039. 20 டிகிரியில் 10 ஓம் இருக்கும் தாமிரக் கம்பி நம்ம வேலூர் மே மாத வெயிலில் 45 டிகிரிக்குப் போனால் மின்தடை கிட்டத்தட்ட 11 ஓம் ஆகிவிடும், ஏறக்குறைய பத்து சதவீதம் கூடுதல். α என்ன அளவில் இருக்கும் என்பது இப்படிப் பதிந்துவிட்டால், கணக்கில் விடை 100 ஓம் என்று வந்தால் எங்கோ புள்ளி நழுவிவிட்டது என்று உடனே தெரியும்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது, இது ஒரு பாடத்தை மட்டும் சுருக்கும்போது தெரியாது. எல்லாப் பாடத்தின் சூத்திரத்தையும் ஒரே நோட்டில் சேர்க்கும்போதுதான் தெரியும். குறியீடுகள் ஒன்றோடொன்று மோதும். நிலைமின்னியலில் σ பரப்பு மின்னூட்ட அடர்த்தி, இங்கே மின்கடத்து எண். அங்கே τ திருப்புவிசை, இங்கே தளர்வு நேரம். μ இங்கே எலக்ட்ரானின் இயக்க எண், காந்தவியலுக்குப் போனால் உட்புகுதிறன். இந்தப் பாடத்துக்குள்ளேயே P ஒரு இடத்தில் திறன், வீட்ஸ்டோன் சுற்றில் மின்தடை. E மின்புலம், ξ மின்னியக்கு விசை, அவசரமாக எழுதும்போது இரண்டும் ஒரே மாதிரி ஆகிவிடும். அதனால் சூத்திரத்துக்குப் பக்கத்தில் குறியீட்டின் பெயரை எழுதச் சொன்னேன். μ = eτ/m என்று மட்டும் எழுதிவைத்தால் மார்ச் மாதத்தில் அது எந்தப் பாடம் என்றே தெரியாது. “இயக்க எண் μ = eτ/m, ஓரலகு மின்புலத்துக்கான இழுப்புத் திசைவேகம், m² V⁻¹ s⁻¹” என்றால் வரையறை, சூத்திரம், அலகு மூன்றும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.

டெரிவேஷனைச் சுருக்குவது வேறு விதம். கடைசி வரியை மட்டும் எழுதிவைப்பவன் ஐந்து மார்க்கில் ஒன்றுதான் வாங்குவான். எல்லா வரியையும் எழுதினால் சுருக்கம் இல்லை. எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே திரும்புகிறது, எங்கே முடிகிறது என்ற மூன்றை வை, நடுவில் இருப்பதை நீயே எழுதிப் பழகு. மின்னோட்டத்துக்கும் இழுப்புத் திசைவேகத்துக்கும் உள்ள தொடர்பை எடு. ஆரம்பம்: dt நேரத்தில் எலக்ட்ரான் நகரும் தூரம் v_d dt. திருப்பம்: அந்தப் பருமன் A v_d dt, அதில் எலக்ட்ரான்கள் nAv_d dt, மின்னூட்டம் அதை e-ஆல் பெருக்கு. முடிவு: dt-ஆல் வகுத்தால் I = nAev_d. இங்கே n என்பது ஓரலகுப் பருமனில் உள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கை, மொத்த எண்ணிக்கை அல்ல என்று ஓரத்தில் குறி. மின்கலத் தொகுப்புப் பகுதியில் இதே n மின்கலங்களின் எண்ணிக்கையாக வருகிறது.

வீட்ஸ்டோன் சமனச்சுற்றுக்குப் படம்தான் முக்கால்வாசி. படத்தை நான்கு மின்தடை, கால்வனாமீட்டர், மின்னோட்டத்தின் அம்புக்குறி, A B C D புள்ளிகளோடு உள்ளங்கை அளவில் போடு. அம்புக்குறி இல்லாத படத்திலிருந்து சமன்பாடு எழுத வராது. திருப்பம் ஒரே வரி: I_G = 0 என்றால் P-யிலும் Q-விலும் ஒரே மின்னோட்டம், R-இலும் S-இலும் ஒரே மின்னோட்டம். அங்கிருந்து I₁P = I₂R, I₁Q = I₂S, வகுத்தால் P/Q = R/S. மீட்டர் சமனச்சுற்று இதன் கீழேயே இரண்டு வரியில் வரட்டும், R-க்கும் S-க்கும் பதில் கம்பியின் இரண்டு நீளங்கள். தனித் தலைப்புப் போடத் தேவையில்லை.

மின்தடையாக்கியின் வண்ணக் குறியீடு, சீபெக், பெல்டியர், தாம்சன் விளைவுகள் இவற்றுக்கெல்லாம் அதிக இடம் கொடுக்காதே. வண்ணம் கருப்பு 0 முதல் வெள்ளை 9 வரை ஒரு வரி, தங்கம் 5%, வெள்ளி 10%, வண்ண வளையம் இல்லையென்றால் 20%. சீபெக் என்றால் வெப்பநிலை வேறுபாட்டிலிருந்து மின்னியக்கு விசை, பெல்டியர் என்றால் மின்னோட்டத்தால் ஒரு சந்தி சூடாகவும் இன்னொன்று குளிர்ச்சியாகவும் ஆவது. சீபெக்கிற்கு மட்டும் பயன் இரண்டு எழுதி வை.

இப்படிச் செய்தால் நோட்டில் எட்டுப் பக்கத்துக்கு மேல் போகாது. இந்தச் சுருக்கம் எல்லாவற்றுக்கும் உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிர்க்காஃப் விதி போட்டுச் செய்யும் இரண்டு மூடிய சுற்றுக் கணக்குகளைச் சூத்திரமாகச் சுருக்க முடியாது. குறி எடுக்கும் முறை மட்டும்தான் தாளில் வரும்: நாம் சுற்றிவரும் திசையிலேயே மின்னோட்டம் போனால் IR நேர்க்குறி, எதிர்த்திசை என்றால் எதிர்க்குறி, மின்கலத்துக்குள் எதிர்முனையிலிருந்து நேர்முனைக்குப் போனால் ξ நேர்க்குறி. மீதி கை பழக வேண்டிய வேலை. நாலைந்து கணக்கு போட்டே ஆக வேண்டும்.

எட்டுப் பக்கமும் தயாரானதும் அதைச் சோதிக்க ஒரு வழி. புத்தகத்தை மூடி வை. பழைய பொதுத்தேர்வுத் தாள் ஒன்றில் இந்தப் பாடத்துக்கான கேள்விகளை மட்டும் எடுத்து, உன் எட்டுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே பதில் எழுது. மனப்பாடச் சோதனை இல்லை இது, பார்க்கலாம். பார்த்தும் எழுத முடியாமல் நிற்கும் இடம் எதுவோ அங்கே உன் சுருக்கத்தில் ஒரு வரி குறைகிறது, புத்தகத்தைத் திறந்து அந்த வரியை மட்டும் சேர். இரண்டு தாள் இப்படிப் போட்ட பிறகும் ஒரு முறைகூட உதவாத வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வை. கடைசி வாரம் பஸ்ஸில் போகும்போது படிக்க, அந்தக் கோடு போட்டவற்றைத் தவிர்த்த ஒரு பக்கச் சீட்டு தனியாக எழுதிக்கொள்ளலாம். அதில் சூத்திரமும் நிபந்தனையும் மட்டும் இருக்கட்டும், வரையறை வேண்டாம். வரையறையை ஓடுகிற பஸ்ஸில் படிப்பதை விட வீட்டில் உட்கார்ந்து ஒரு தடவை எழுதிப் பார்ப்பதுதான் நிற்கும்.